நடப்பில் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனைக்கு ஷரத்து சேர்க்க வேண்டும், என் வரைவில் குறை சொல்லுங்கள்

மூன்றுமாடி எழுதியது:

வணக்கம். எனக்கு மூன்று குடித்தனம் உள்ள சின்னக் கட்டடம் ஒன்று இருக்கிறது, நான் அங்கே குடியில்லை. மேல் மாடியில் இருக்கும் தம்பதி இரண்டு வயது நாய் ஒன்றைத் தத்தெடுக்க விரும்புகிறார்கள், ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நடு மாடியில் ஒரு பெரியவர், அவரிடம் ஒரு பூனை. கீழே இருப்பவர் இரவுப்பணி செய்யும் செவிலியர், காலை ஒன்பதுக்குப் படுத்து மாலை நாலுக்குத்தான் எழுவார்.

மூன்று ஒப்பந்தத்திலும் இருப்பது ஒரே வரி: "வீட்டுக்காரரின் அனுமதியின்றிப் பிராணிகள் வளர்க்கக் கூடாது." எப்படி அனுமதி கேட்பது, கொடுத்தால் என்ன நிபந்தனை, ஒன்றும் இல்லை. நாய் வரட்டும் என்பதுதான் என் எண்ணம். கீழ்வீட்டம்மா தூக்கமும் கெடக் கூடாது. மூவருக்கும் பொதுவாக ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று இதை எழுதினேன்:

> குடித்தனக்காரர் வளர்ப்புப் பிராணி வைத்துக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் ஏற்படக் கூடாது. புகார் வந்தால் உடனடியாகப் பிராணியை அகற்ற வேண்டும், தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிராணியால் ஏற்படும் எல்லாச் சேதத்துக்கும் குடித்தனக்காரரே பொறுப்பு. இந்த விதிகளை வீட்டுக்காரர் தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்.

மேல்வீட்டுப் பையன் படித்துவிட்டு, "சார், இதில் கையெழுத்துப் போட்டால் நாய் ஒரு தடவை குரைத்தாலே எங்களைக் கிளப்பிவிடலாமே" என்றான். அவன் சொல்வதும் சரிதான் என்று படுகிறது. எப்படி மாற்றுவது?

---

சொந்தவீட்டான் எழுதியது:

உங்கள் வீடு, உங்கள் விதி. இதற்கு எதற்குக் கையெழுத்து? மாடிப்படி பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள், ஒரு மாதம் அவகாசம் என்று போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. குடித்தனக்காரரிடம் கேட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்தால் ஷரத்து அவர்கள் எழுதியதாகிவிடும்.

---

நாலுகால்நண்பன் எழுதியது:

வாயில்லா ஜீவனை வீட்டில் வைக்கக் கூடாது என்று தடை போட அலைகிற வீட்டுக்காரர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்த நாய் என்ன பாவம் செய்தது? இரண்டு வயது நாயைத் திரும்பக் கொண்டுபோய் விட்டால் அது சாப்பிடாமல் கிடக்கும், தெரியுமா?

---

மூன்றுமாடி எழுதியது:

நண்பரே, நான் தடை போடவில்லை. நாயை அனுமதிக்கத்தான் இந்தப் பாடு. நாய் இன்னும் வரவே இல்லை.

---

பழைய_மேனேஜர் எழுதியது:

வாடகைக் கட்டடங்களை நிர்வகித்தே வயதாகிப் போனவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொந்தவீட்டான் சொன்னது. அவர் சொல்வது பாதி சரி. மாதத்துக்கு மாதம் ஓடும் குடித்தனமாக இருந்தால், உரிய முன்னறிவிப்பு கொடுத்து அடுத்த மாதத்திலிருந்து நிபந்தனையை மாற்றப் பெரும்பாலான இடங்களில் வழி உண்டு, அவருக்கு நடந்தது அதுவாக இருக்கும். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதிய ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போது ஒரு பக்கத்தார் மட்டும் நிபந்தனையை மாற்ற முடியாது. அறிவிப்பு ஒட்டலாம், அது அறிவிப்பாகவே இருக்கும். தகராறு வந்து யாராவது மூன்றாவது ஆள் படிக்கும்போது அவர் கேட்பது, "இதில் அவர்கள் கையெழுத்து எங்கே?" என்பதைத்தான்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரு இணைப்பு ஒப்பந்தம். இன்ன தேதியிட்ட மூல ஒப்பந்தத்துக்கு இது இணைப்பு, பிராணி பற்றிய பழைய வரிக்குப் பதிலாக இது நிற்கும், மற்ற ஷரத்துகள் எல்லாம் அப்படியே தொடரும் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். மூல ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட எல்லோரும் இதிலும் போட வேண்டும். கணவன் மட்டும் போட்டு மனைவி போடாமல் விட்ட தாளை வைத்துக்கொண்டு நான் ஒரு முறை தவித்திருக்கிறேன். மூல ஒப்பந்தம் பதிவு செய்ததாக இருந்தால் இணைப்புக்கும் பதிவு வேண்டுமா என்று உங்கள் ஊர் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, மூவருக்கும் ஒரே தாள் என்கிற யோசனையை விடுங்கள். மேல்வீட்டாருக்கு நாய் வேண்டும், அதனால் நிபந்தனைக்கு ஒப்புக்கொள்வார்கள், கொடுக்கல் வாங்கல் நேராக இருக்கிறது. நடுவீட்டுப் பெரியவருக்கு என்ன கிடைக்கிறது? பூனை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. அதை எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும்?

---

மூன்றுமாடி எழுதியது:

இரண்டு வருஷம் இருக்கும். வாடகை வாங்கப் போனால் மடியில் வந்து உட்காரும். நான் ஒன்றும் சொன்னதில்லை.

---

பழைய_மேனேஜர் எழுதியது:

அப்படியானால் அந்த ஒரு வரி அவர் விஷயத்தில் ஏறக்குறைய செத்துவிட்டது. தெரிந்தே இரண்டு வருஷம் வாடகை வாங்கிவிட்டு, "என் அனுமதி இல்லை" என்று இன்றைக்குச் சொன்னால் எடுபடுவது கஷ்டம். மடியில் வைத்துத் தடவிவிட்டு வேறு வந்திருக்கிறீர்கள்.

அவரிடம் புதிதாக அட்வான்ஸ் கேட்காதீர்கள். "இந்தப் பூனை ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டது, அது உள்ளவரை இந்த அனுமதி தொடரும், கூடுதல் பணம் இல்லை" என்று அவருக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள். அதற்குப் பதிலாக இரண்டே விஷயம் கேளுங்கள்: மாடிப்படியிலும் பொது இடத்திலும் பூனையைத் தனியே விடுவதில்லை, இந்தப் பூனைக்குப் பிறகு வேறொன்று வந்தால் முன்கூட்டிக் கேட்பது. வாய்வார்த்தையாக இருந்தது எழுத்தில் கிடைக்கிறது, அதுவே அவருக்கு லாபம். சந்தோஷமாகப் போடுவார்.

இப்போது உங்கள் வரைவுக்கு வருகிறேன். "வளர்ப்புப் பிராணி வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றா, ஐந்தா? மலைப்பாம்பும் வளர்ப்புப் பிராணிதான். பொதுவாக அனுமதி கொடுக்காதீர்கள், இந்த நாய்க்குக் கொடுங்கள். பெயர், ஆணா பெண்ணா, நிறம், வயது, இப்போதைய எடை, ஒரு புகைப்படம், தடுப்பூசிச் சான்றின் நகல், இவ்வளவும் இணைப்பின் கடைசிப் பக்கத்தில் போகட்டும். குட்டி போட்டாலோ இரண்டாவது நாய் வந்தாலோ அதற்குத் தனி அனுமதி.

பலரும் "பத்து கிலோவுக்கு மேல் கூடாது" என்று எழுதுகிறார்கள். எடையைப் பார்த்து இரைச்சலை அளக்க முடியாது. மூட்டை மாதிரி நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும் பெரிய நாய்களையும் பார்த்திருக்கிறேன், வாசலில் இலை விழுந்தால் கூடக் கத்தும் கைப்பிடி அளவு நாய்களையும் பார்த்திருக்கிறேன்.

---

வரிக்குவரி எழுதியது:

மேனேஜர் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் கடைசி வாக்கியம், "வீட்டுக்காரர் தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்", அதை அடியோடு எடுத்துவிடுங்கள். அது இருந்தால் மேலே உள்ள நாலு வாக்கியத்துக்கும் மதிப்பில்லை. நாளைக்கே மாற்றலாம் என்றால் இன்றைக்கு எதற்குக் கையெழுத்து?

அதேபோல "எந்தத் தொந்தரவும்", "உடனடியாக", "எல்லாச் சேதத்துக்கும்". இந்த மூன்று சொல்லும் எழுதும்போது பலமாகத் தெரியும், பிடித்து நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. எது தொந்தரவு என்று யார் சொல்வது? உடனடியாக என்றால் இன்று மாலைக்குள்ளா? நாயை எங்கே கொண்டுபோவார்கள்? செய்ய முடியாததை எழுதினால் வீட்டுக்காரரே அதை அமல்படுத்த மாட்டார், இரண்டு முறை விட்டுக்கொடுத்த பிறகு மூன்றாவது முறை கேட்கவும் முடியாது.

---

இரவுப்பணி எழுதியது:

இந்தக் கதையில் கீழ்வீட்டம்மா நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நானும் பகலில் தூங்குகிறவள். எங்கள் கட்டடத்தில் நாய் ஷரத்து ஏற்கெனவே இருக்கிறது, "இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி" என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். அந்த எட்டு மணி நேரம் நான் வீட்டிலேயே இல்லை! காலை ஒன்பதரைக்கு மேல்வீட்டார் வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தியதும் ஊளை ஆரம்பிக்கும். புகார் சொன்னால் "பகல் நேரம்தானேம்மா" என்கிறார்கள். வரைவில் யாராவது என்னைப் போன்றவர்களை நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று, நாய்க்காரர்களுக்கே தெரியாது. அவர்கள் சொன்னது சத்தியமான உண்மை, "எங்கள் நாய் குரைப்பதே இல்லை". அவர்கள் இருக்கும்போது குரைப்பதே இல்லை.

---

பழைய_மேனேஜர் எழுதியது:

இந்தம்மா சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். தனிமை தாங்காமல் குரைக்கும் நாய் பெரும்பாலும் ஆள் கிளம்பிய முதல் அரை மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடும். அது தெரிய ஒரு பழைய போனில் பதிவை ஓடவிட்டுவிட்டு வெளியே போனால் போதும். நான் நாய்க்காரர்களிடம் முதல் இரண்டு வாரத்தில் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். ஷரத்தில் எழுத மாட்டேன், எழுதினால் வேவு பார்ப்பது போல ஆகிவிடும். ஆனால் அவர்களே கேட்டுவிட்டால் பாதிச் சண்டை வராமலே போகும், கதவுக்குப் பின்னால் தன் நாய் அப்படி அழுகிறது என்று தெரிந்தால் யாருக்கும் மனசு கேட்காது.

ஷரத்துக்கு வருவோம். நேரத்தைப் போடாதீர்கள், அளவைப் போடுங்கள். நான் வழக்கமாக எழுதுவது:

> நாய் ஒரே தொடர்ச்சியாகப் 10 நிமிடத்துக்கு மேல், அல்லது விட்டுவிட்டு ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேல், அண்டை வீட்டில் கதவு ஜன்னல் மூடியிருக்கும்போதும் கேட்கும்படி குரைப்பதோ ஊளையிடுவதோ, இரவானாலும் பகலானாலும், இடையூறாகக் கருதப்படும்.

அழைப்பு மணிக்கு நாலு குரைப்பு இதில் வராது. ஊளை தப்பாது.

---

சொந்தவீட்டான் எழுதியது:

ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு யார் உட்காருவது சார்? ஒன்பது நிமிடம் குரைத்தால் சட்டப்படி சரியா? இதெல்லாம் காகிதத்துக்கு நன்றாக இருக்கும்.

---

வரிக்குவரி எழுதியது:

இதில் சொந்தவீட்டான் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எண் போட்டால் எல்லோரும் எண்ணிலேயே நிற்பார்கள். நான் என்றால் "நியாயமாகப் பார்க்கும் எவருக்கும் ஓய்வைக் கெடுக்கும் அளவு, தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ" என்று எழுதிவிட்டு, பத்து நிமிடத்தை உதாரணமாக மட்டும் கொடுப்பேன். மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

---

பழைய_மேனேஜர் எழுதியது:

ஒத்துக்கொள்ள மாட்டேன். "நியாயமாக" என்று எழுதிய தாளில் ஆளாளுக்கு ஒரு நியாயம் இருக்கும். ஒன்பது நிமிடம் தப்பிக்கட்டுமே, எனக்கு அதில் கவலை இல்லை, ஒன்பது நிமிடத்தில் நிற்கும் நாய் பிரச்சினை செய்யும் நாய் இல்லை.

ஸ்டாப்வாட்ச் வேண்டாம். புகார் சொல்பவர் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் மூன்றையும் ஒரு செய்தியில் அனுப்பினால் போதும். நாலு நாள் அப்படி வந்தால் ஒரு வடிவம் தெரியும். திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது என்றால் அது தனிமை. தபால்காரர் வரும் நேரமாக இருந்தால் வேறு. வடிவம் தெரிந்தால்தான் தீர்வு, காலையில் அரை மணி நேரம் கூட நடக்கவிடுவதா, நடுவில் ஒருவர் வந்து பார்ப்பதா, கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்துவதா என்று.

அதன் பிறகுதான் படிகள். முதலில் வீட்டுக்காரர் எழுத்தில் தெரிவிப்பார். 14 நாள் அவகாசம். அதற்குள் குறைந்தால் கதை முடிந்தது. குறையாவிட்டால் இரண்டாவது கடிதம், இன்னொரு 14 நாள், அதில் குடித்தனக்காரர் என்ன முயற்சி செய்தார் என்று பதில் எழுத வேண்டும். அப்போதும் மாறவில்லை என்றால் நாய்க்கான அனுமதியை 30 நாள் அவகாசத்தோடு திரும்பப் பெறலாம். கவனியுங்கள், திரும்பப் பெறுவது அனுமதியைத்தான். வீட்டைக் காலி செய்யச் சொல்வது அல்ல. மேல்வீட்டுப் பையன் பயந்தது அந்த இடத்தில்தான், நாய்க்கான தகராறு கூரையைப் பிடுங்கும் தகராறாக ஆகிவிடக் கூடாது.

கடித்தால் மட்டும் இந்தப் படிகள் இல்லை. யாரையாவது கடித்துத் தோல் கிழிந்தால், விஷயம் தெளியும் வரை பொது இடத்தில் வாய்க்கூடும் கயிறும் கட்டாயம், அனுமதியை உடனே மறுபரிசீலனை செய்யலாம் என்று தனியாக ஒரு வரி.

---

மூன்றுமாடி எழுதியது:

இது நல்ல வழியாகப் படுகிறது. ஒரு சந்தேகம், கீழ்வீட்டம்மாவையும் இந்தத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லலாமா? அவர் தூக்கத்துக்காகத்தானே இவ்வளவும்.

---

பழைய_மேனேஜர் எழுதியது:

வேண்டாம். அவர் இந்த ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் இல்லை. கையெழுத்து வாங்கினால் அவர் சம்மதித்துவிட்டார், இனிப் புகார் சொல்ல முடியாது என்று யாராவது திருப்பிவிடுவார்கள். அவருக்கு உங்களோடு தனி ஒப்பந்தம் இருக்கிறது, நிம்மதியாகக் குடியிருக்கும் உரிமை அதில் வருகிறது. ஆனால் இரைச்சல் பத்தியையும் புகார் முறையையும் கையெழுத்துக்கு முன்பே அவரிடம் காட்டுங்கள். எங்கே எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர் கதவைத் தட்டிச் சண்டை போட மாட்டார்.

---

இரவுப்பணி எழுதியது:

புகார் சொன்னது யார் என்று மேல்வீட்டாரிடம் சொல்லிவிடுவார்களா? மூன்றே வீடு உள்ள கட்டடத்தில் பெயர் சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும்தான். இருந்தாலும் படியில் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

---

வரிக்குவரி எழுதியது:

பெயர் சொல்லாத புகாரை வைத்து ஒருவரின் நாயை எடுக்கச் சொல்வதும் நியாயமில்லை. முதல் கடிதம் வரை பெயர் வேண்டாம், இரண்டாவது கடிதத்துக்குப் போக வேண்டுமானால் யார் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

---

பூனைக்காரி எழுதியது:

எல்லோரும் குரைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. "எல்லாச் சேதத்துக்கும் பொறுப்பு" என்று நானும் கையெழுத்துப் போட்டவள்தான். காலி செய்யும்போது ஹாலின் மூலையில் மரத்தரையில் பூனை மூத்திரக் கறை என்று சொல்லி அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடித்தார்கள். மழை பெய்தால் அந்த மூலை நாறும், அது எனக்கும் தெரியும். ஆனால் என் பூனை அங்கே போனதே இல்லை, அங்கே என் புத்தக அலமாரி இருந்தது.

ஒரு தோழி புற ஊதா டார்ச் கொண்டுவந்தாள். விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் பழைய மூத்திரம் மங்கலாக மஞ்சளாய் ஒளிரும். கறை அலமாரிக்கு முன்னால் ஆரம்பித்து அலமாரி நின்ற இடத்தின் நடுப்பகுதி வரை போயிருந்தது. குடிவந்த அன்று சுமைக்காரர்கள் இறக்கி வைத்த அலமாரி அது, அதற்குப் பிறகு அசைத்ததில்லை, கால் பதிந்த நாலு தழும்பும் தரையில் இருந்தன. அதன் அடியில் என் பூனை எப்படிப் போகும்? எனக்கு முன்னால் இருந்தவர் பூனையோ நாயோ வளர்த்திருக்கிறார். ஆனால் குடிவந்த அன்று எடுத்த படம் ஒன்றும் என்னிடம் இல்லை. பாதிப் பணத்துக்கு ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

---

பழைய_மேனேஜர் எழுதியது:

அலமாரித் தழும்பு பார்த்த உங்கள் கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்கலாம் அம்மா.

மூன்றுமாடி, இதைக் கவனியுங்கள். உங்கள் மேல்வீட்டார் குடிவந்து பல மாதம் ஆகிவிட்டது. வாசல் நிலையில் இப்போதே ஒரு கீறல் இருக்கலாம், ஏழு மாதம் கழித்து அது நாய் கீறியது என்று ஆகிவிடும். அதனால் நாய் வருவதற்கு முந்தைய நாள் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றுங்கள். கதவுகளின் கீழ்ப்பாதி, நிலை, சுவரோரப் பட்டை, தரையின் மூலைகள், ஜன்னல் வலை. தேதி தெரியும்படி படம் எடுத்து இருவரும் ஒரே தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்துவிட்டால் "எல்லாச் சேதத்துக்கும்" என்ற வரி தேவையே இல்லை, "இன்ன தேதிப் படங்களில் இல்லாத, பிராணியால் ஏற்பட்ட சேதத்தின் உண்மையான பழுதுச் செலவு, சாதாரணத் தேய்மானம் நீங்கலாக" என்று எழுதலாம்.

மூத்திரக் கறைக்கு ஒரு சொல். பிளீச் ஊற்றாதீர்கள். மூத்திரத்தில் அம்மோனியா இருக்கும், பிளீச்சோடு சேர்ந்தால் மூச்சுக்குக் கேடான ஆவி வரும். வாசனை திரவியம் மூடி மறைக்கும், அவ்வளவுதான். யூரிக் அமிலம் படிகமாகத் தங்கிவிடுவதால்தான் ஈரப்பதம் ஏறும்போது மறுபடி நாறுகிறது, அதற்கு என்சைம் கலந்த துப்புரவு திரவம் வேண்டும், ஊறவிட்டுத் தானாகக் காய விட வேண்டும். எந்தத் திரவம் என்று இணைப்பில் எழுதத் தேவையில்லை, நாய்க்காரரிடம் ஒரு பாட்டில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். டார்ச்சையும் முழுசாக நம்பாதீர்கள், சில சோப்புக் கறையும் அதில் ஒளிரும்.

---

சொந்தவீட்டான் எழுதியது:

அட்வான்ஸ் கூடக் கேட்கலாமா கூடாதா? அதைச் சொல்லுங்கள். நான் பிராணிக் கட்டணம் தனி, மாத வாடகையில் கொஞ்சம் தனி, டெபாசிட் தனி என்று மூன்றும் வாங்குகிறேன்.

---

பழைய_மேனேஜர் எழுதியது:

ஒரே சேதத்துக்கு மூன்று தடவை வாங்குகிறீர்கள். அட்வான்ஸுக்கு உச்சவரம்பு உள்ள இடங்கள் பல உண்டு, கூடுதல் அட்வான்ஸையும் சேர்த்துத்தான் அந்த வரம்பைப் பார்ப்பார்கள், பெயரை மாற்றி வாங்கினாலும் அப்படித்தான். என் வழக்கம் ஒன்றே ஒன்று: திருப்பிக் கொடுக்கக்கூடிய கூடுதல் அட்வான்ஸ். சேதம் இல்லாவிட்டால் திரும்பும் என்று தெரிந்தால் அவர்களே கதவைக் காப்பாற்றுவார்கள். திரும்பாத கட்டணம் வாங்கிவிட்டால், "அதான் கட்டிவிட்டோமே" என்ற நினைப்பு வந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவிப் பிராணிகளை, பல நாடுகளின் சட்டம் வளர்ப்புப் பிராணியாகவே பார்ப்பதில்லை, கட்டணமும் கேட்க முடியாது. இந்த இணைப்பு அவற்றுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

---

நாலுகால்நண்பன் எழுதியது:

முதலில் அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும். நாய் வளர்ப்பவனாக ஒன்று சொல்கிறேன். கீழ்வீட்டுக்குக் குரைப்பை விட மோசமானது நகச் சத்தம். மரத்தரையில் டக் டக் என்று நடக்கும், எங்களுக்குப் பழகிவிடும், கீழே இருப்பவருக்குத் தலைக்கு மேல் ஆணி அடிக்கிற மாதிரி. நடக்கும் பாதையில் மட்டும் கனமான விரிப்புப் போட்டு, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டினால் பெரும்பாலும் போய்விடும். பந்து விளையாட்டு வீட்டுக்குள் வேண்டாம்.

---

இரவுப்பணி எழுதியது:

ஆணி அடிக்கிற மாதிரி! அதேதான்.

---

மூன்றுமாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து மாற்றி எழுதினேன். மேல்வீட்டாருக்கான நடுப்பகுதி இது:

> இந்த அனுமதி, இணைப்பின் கடைசிப் பக்கத்தில் படத்துடன் விவரிக்கப்பட்ட ஒரு நாய்க்கு மட்டும். படி, வாசல் முதலிய பொது இடங்களில் நாய் கயிற்றில் இருக்கும், அதன் கழிவைக் குடித்தனக்காரர் உடனே அப்புறப்படுத்துவார். படுக்கையறை, ஹால் நடைபாதைகளில் விரிப்பு இருக்கும். ஒரே தொடர்ச்சியாகப் 10 நிமிடத்துக்கு மேல், அல்லது விட்டுவிட்டு ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேல், மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் குரைப்பு இடையூறாகும், இரவானாலும் பகலானாலும். இடையூறு இருந்தால் வீட்டுக்காரர் தேதி, நேரத்துடன் எழுத்தில் தெரிவித்து 14 நாள் அவகாசம் தருவார். தொடர்ந்தால் இரண்டாம் கடிதமும் மீண்டும் 14 நாளும். அதன் பிறகும் தொடர்ந்தால் நாய்க்கான அனுமதியை 30 நாள் முன்னறிவிப்புடன் திரும்பப் பெறலாம். அனுமதியைத் திரும்பப் பெறுவதால் மட்டும் வாடகை ஒப்பந்தம் முடிவுக்கு வராது.

வரிக்குவரி சொன்ன "நியாயமாக" வேண்டாம் என்று விட்டுவிட்டேன், மேல்வீட்டாருக்கே எண்தான் பிடித்திருக்கிறது. பெரியவர் பூனைக்கான தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார், பூனையின் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று திருத்தியும் கொடுத்தார்.

கீழ்வீட்டம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "14, 14, 30, கூட்டினால் 58 நாள் சார். அத்தனை நாள் நான் தூங்காமல் இருக்க வேண்டுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

---

பழைய_மேனேஜர் எழுதியது:

நல்ல கேள்வி, நான் அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை. இரண்டாவது 14-ஐ 7 ஆக்குங்கள். அதைவிட முக்கியம், முதல் கடிதத்திலிருந்தே அவர் தூங்கும் நேரத்தில் நாய் தனியாக விடப்படாது, ஆள் இருக்க வேண்டும், அல்லது யாராவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு இடைக்கால ஏற்பாட்டைப் போடுங்கள். அவகாசம் நாயைப் பழக்குவதற்கு. அதற்குள் அவர் தூக்கம் போக வேண்டியதில்லை.

---

வரிக்குவரி எழுதியது:

மேல்வீட்டார் இருவரும் வேலைக்குப் போகிறவர்களா? அப்படியென்றால் அந்த இடைக்கால வரிக்கு அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கட்டும். யார் பகலில் வந்து நாயைக் கூட்டிப்போவார்?

---

மூன்றுமாடி எழுதியது:

இருவரும் போகிறார்கள். அதே கேள்வியைத்தான் அவர்களிடம் கேட்டேன். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நடுவீட்டுப் பெரியவர் பகலெல்லாம் வீட்டில்தானே இருக்கிறார், அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். பூனை என்ன சொல்லும் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாயை ஒரு முறை கூட்டிவந்து காட்டப் போகிறார்கள், அதற்குப் பிறகுதான் கையெழுத்து.